நாசில் அடைப்பா, பெட் இடிக்குதா? மூணு நாசில் மாத்தியும் முதல் லேயர் சரியா வரல

நூலிழை | மே 4, இரவு 9:20

மூணாவது நாசிலும் மாட்டியாச்சு, இன்னும் அதே தொல்லை. 3டி பிரிண்டர் வந்து ஆறு வாரம் ஆகுது. பெட் முன்னும் பின்னும் ஓடுற சாதாரண வகை, நாலு மூலையிலும் ஸ்பிரிங், அடியில திருகுறதுக்குச் சக்கரம். லெவலிங் சென்சார் கிடையாது. 0.4 நாசில், பிஎல்ஏ, நாசில் சூடு 200, பெட் 60, முதல் லேயர் உயரம் 0.2.

முதல் லேயர் போடும்போது இடது முன்மூலைக்கு வந்ததும் பிளாஸ்டிக் வர்றது நின்னு போகுது. எக்ஸ்ட்ரூடர் டக், டக்னு அடிச்சுக்குது. வலது பக்கம் நகர்ந்ததும் மறுபடி வருது, ஆனா அங்கே பெட்ல ஒட்டாம நாசில் நுனியிலயே சுருண்டு, ஒரு உருண்டையா இழுபட்டுத் திரியுது. ஊசியால குத்திவிட்டு, பெட்டையும் ஒரு தடவை சரி பண்ணினா ஒரு பிரிண்ட் ஒழுங்கா வரும். அடுத்ததுல மறுபடி அடைப்பு.

ஆக ரெண்டு கோளாறு: அடைக்கவும் செய்யுது, ஒட்டவும் மாட்டேங்குது. ஃபிலமென்ட்டுக்குள்ள ஏதோ கசடு இருக்குன்னு முடிவே பண்ணிட்டேன். நாசிலை அடைக்காத ஃபிலமென்ட் எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சூடு220 | மே 4, இரவு 9:47

தம்பி, 200ங்கிறது பத்தாது. நாசில் 220, பெட் 70 வை. பிளாஸ்டிக் நல்லா உருகினா அடைக்காது, பெட் நல்லா சுட்டா ஒட்டும். நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

ரெசின்ராஜா | மே 4, இரவு 11:05

முதல் லேயர் ஒட்டலேன்னா அடி லேயர்களுக்கு எக்ஸ்போஷர் நேரத்தை ஏத்துங்க. எனக்கு 25 நொடியில ஒட்டாம தொட்டிக்குள்ளயே கிடந்தது, 35 ஆக்கினதும் பிளேட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. தொட்டி அடியில இருக்கிற ஃபிலிம் மங்கலாயிருந்தா அதையும் மாத்துங்க.

நூலிழை | மே 4, இரவு 11:12

அண்ணே, உங்களோடது ரெசின் மெஷின். என்னோடது ஃபிலமென்ட் உருக்கி ஊத்துற வகை. இதுல தொட்டி, ஃபிலிம் எதுவும் கிடையாதே.

ரெசின்ராஜா | மே 4, இரவு 11:15

ஆமா, தலைப்பைப் பார்த்ததும் எழுதிட்டேன். இருந்தாலும் இங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன், ஃபிலமென்ட் மெஷின் ஒண்ணு வாங்கற எண்ணம் இருக்கு.

பித்தளைமுனை | மே 5, காலை 6:40

நூலிழை, நீங்க எழுதினதுலயே விடை பாதி இருக்கு. இடது முன்மூலையில வரல, வலது பக்கம் போனா வருதுன்னு சொல்றீங்க. நாசில் உண்மையில அடைச்சிருந்தா மூலை பார்த்து அடைக்காது. இடதுல அடைச்சது வலதுலயும் அடைச்சேதான் இருக்கும். மூலைக்கு மூலை மாறுறது நாசிலுக்கும் பெட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி மட்டும்தான்.

என் கணிப்பு: இடது முன்மூலை நாசிலை முட்டுற அளவுக்கு உயர்ந்திருக்கு. நாசில் வாயை பெட்டே மூடிக்குது, பிளாஸ்டிக் வெளியே வர வழியில்ல, எக்ஸ்ட்ரூடர் தள்ள முடியாம டக் டக்குன்னு நழுவுது. எதிர்ப்பக்கம் பெட் தாழ்ந்து கிடக்கு. அங்கே பிளாஸ்டிக் அந்தரத்துல விழுது, அதனால ஒட்டல. உங்க ரெண்டு கோளாறும் ஒரே சரிவோட ரெண்டு முனை.

ஆனா கணிப்பை நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. நாசிலைப் பெட்டை விட்டு 5 சென்டிமீட்டர் தூக்கி, சூடாக்கி, காத்துல 100 மில்லிமீட்டர் மெதுவாத் தள்ளுங்க:

```
G28
G1 Z50 F600
M109 S205
M83
G1 E100 F100
```

ஒரு நிமிஷம் ஓடும். எக்ஸ்ட்ரூடருக்குள்ள நுழையற இடத்துல இருந்து 120 மில்லிமீட்டர் அளந்து ஃபிலமென்ட்டுல முன்கூட்டியே ஒரு மார்க்கர் கோடு போட்டுக்குங்க. ஓடி முடிஞ்சதும் 20 மிச்சம் இருக்கணும். வர்ற இழை நேராத் தொங்கணும். ஒரு பக்கமா வளைஞ்சு நாசில் மேலேயே ஏறி ஒட்டிக்கிச்சுன்னா பாதி அடைப்போ, நுனியில அழுக்கோ இருக்கலாம். நுனியைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை பாருங்க.

நூலிழை | மே 6, இரவு 8:30

சோதிச்சேன். அக்கா, நீங்க சொன்னது தப்பாயிடுச்சு போல. காத்துலயே வரல. 30 மில்லிமீட்டர் போல வந்துச்சு, அப்புறம் டக் டக். மார்க்கர் கோடு 88ல நின்னுடுச்சு. பெட் பக்கத்துலயே இல்ல, அஞ்சு சென்டிமீட்டர் மேல இருக்கு. அப்போ அடைப்புதானே?

சூடு220 | மே 6, இரவு 8:41

நான்தான் சொன்னேனே. 220 வை.

பித்தளைமுனை | மே 6, இரவு 9:10

இன்னும் முடிவுக்கு வராதீங்க. ஃபிலமென்ட்டைச் சூடு இருக்கும்போதே வெளியே இழுங்க. எக்ஸ்ட்ரூடரோட பல் சக்கரம் கடிச்ச இடத்தைப் பாருங்க. ஃபிலமென்ட் முழு உருளையா இருக்கா, இல்ல ஒரு பக்கம் அரிச்சு வளைஞ்ச பள்ளமா இருக்கா? சக்கரப் பல்லுக்கு நடுவுல மாவு மாதிரி தூள் இருக்கா?

நூலிழை | மே 6, இரவு 9:52

இருக்கு! எலி கடிச்ச மாதிரி ஒரு பக்கம் பிறை வடிவத்துல பள்ளம், அந்த இடத்துல பாதி கனம்தான் மிச்சம். சக்கரப் பல் முழுக்க வெள்ளைத் தூள், பல்லே கண்ணுக்குத் தெரியல. என் ஃபிலமென்ட் வெள்ளை, அதனால இத்தனை நாளா கவனிக்கவே இல்ல.

பித்தளைமுனை | மே 6, இரவு 10:20

அதான் விஷயம். பெட் நாசிலை மூடினப்போ எக்ஸ்ட்ரூடர் விடாமத் தள்ளியிருக்கு. ஃபிலமென்ட் நகரல, சக்கரம் மட்டும் சுத்திச் சுத்தி அதே இடத்தை அரிச்சுடுச்சு. அப்புறம் பெட்டை விட்டு எவ்வளவு தூக்கினாலும், அரிச்ச பள்ளத்துல பல் பிடிக்காது, தூள் அடைஞ்ச பல்லும் பிடிக்காது. பார்க்கிறவங்களுக்கு இது நாசில் அடைப்பு மாதிரியேதான் தெரியும்.

நீங்க ஊசி குத்தறதுக்காக ஒவ்வொரு தடவையும் ஃபிலமென்ட்டைக் கழட்டி, நுனி வெட்டி மறுபடி மாட்டியிருப்பீங்க இல்லையா? பள்ளம் விழுந்த துண்டு அப்போ வெளியே போயிருக்கும். அதனாலதான் ஒரு பிரிண்ட் ஒழுங்கா வந்திருக்கு. அந்தப் பெருமை ஊசிக்குப் போயிடுச்சு.

பழைய டூத்பிரஷால பல்லைத் தேய்ச்சு தூளை எடுங்க. ஃபிலமென்ட்டுல பள்ளத்துக்கு மேல 10 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எறிஞ்சுட்டு, நுனியைச் சாய்வா வெட்டி மாட்டி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க.

நூலிழை | மே 7, இரவு 7:45

21 மிச்சம் நின்னுச்சு. இழை நேரா, நூல் பிடிச்ச மாதிரி இறங்குச்சு. ஒரு டக் சத்தம் கூட இல்ல. ரெண்டாவது தடவையும் அதே.

அப்போ நாசில்ல அடைப்பே இல்ல. பழைய ரெண்டு நாசில்லயும் இருந்திருக்காதுன்னு இப்போ தோணுது, தூக்கிப் போட்டுட்டேன். தலைப்பை மாத்தி எழுதியிருக்கேன்.

பித்தளைமுனை | மே 7, இரவு 8:30

நல்லது. இப்போ பெட்டுக்கு வாங்க. பேப்பர் வச்சு லெவல் பண்றப்போ ஒரு மூலையில இடிச்சா சக்கரத்தை எவ்வளவு திருப்புவீங்க?

நூலிழை | மே 7, இரவு 8:34

ஒரு அரைச் சுத்து இருக்கும். அப்புறம் பேப்பர் லூசா இருந்தா திருப்பி ஒரு அரைச் சுத்து.

பித்தளைமுனை | மே 7, இரவு 9:15

அந்த அரைச் சுத்துலதான் எல்லாம் இருக்கு. இந்த வகை பெட்டுல பெரும்பாலும் எம்4 திருகு இருக்கும். அதோட மரை இடைவெளி 0.7 மில்லிமீட்டர். முழுச் சுத்துக்கு மூலை 0.7 ஏறும் இல்ல இறங்கும். அரைச் சுத்துன்னா 0.35. உங்க முதல் லேயரே 0.2தான். அதாவது அரைச் சுத்துல ஒரு லேயரைத் தாண்டி, முக்கால் லேயர் கூடுதலாவே நகர்த்திடுறீங்க. இடிக்கிற நிலையில இருந்து ஒரே திருப்புல ஒட்டாத நிலைக்குப் போயிடும், சரியான இடம் நடுவுல எங்கேயோ கடந்து போயிருக்கும்.

கால் சுத்து 0.175, அதுவும் ஏறக்குறைய ஒரு முழு லேயர். அரைக்கால் சுத்து 0.09 வரும். கடைசி நேரத் திருத்தமெல்லாம் அதுக்கும் கீழேதான் இருக்கணும். சக்கரத்துல மார்க்கரால ஒரு புள்ளி வச்சுக்குங்க, எவ்வளவு திரும்புச்சுன்னு கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. சூடு இல்லாம லெவல் பண்ணாதீங்க. சூட்டுல பெட் கொஞ்சம் வளையும், நாசிலும் கொஞ்சம் நீளும். அதைவிட முக்கியம், ஆறின நாசில் நுனியில ஒரு கடுகு அளவு பிளாஸ்டிக் காய்ஞ்சு நிக்கும். பேப்பர் அதுலதான் உரசும், நாசில்ல இல்ல. பிரிண்ட் ஆரம்பிச்சதும் அந்தக் கடுகு உருகிடும், இடைவெளி கூடிடும். அதனால நுனியைச் சூடா இருக்கும்போது துடைச்சிட்டு, இப்படி ஆரம்பிங்க:

```
M190 S60
M109 S150
G28
G1 Z0.1 F300
M84 X Y
```

150ல பிஎல்ஏ ஒழுகாது, ஆனா நுனியில கெட்டியா நிக்கவும் செய்யாது. பெட் 60 காட்டினாலும் உடனே தொடங்காதீங்க, அது சென்சார் இருக்கிற அடிப்பக்கத்துச் சூடு. மேல்தட்டு அதே சூட்டுக்கு வர பத்து நிமிஷம் விடுங்க, கண்ணாடித் தட்டா இருந்தா கண்டிப்பா.

Z0.1 ஏன்னா சாதாரண பேப்பரோட கனம் ஏறத்தாழ 0.1. பூஜ்யத்துல வச்சு பேப்பரைச் சொருகினா, நாசில் எப்பவும் ஒரு பேப்பர் கனம் கூடுதலா மேல நிக்கும். 0.2 லேயருக்கு அது பாதி. கடைசி வரி எக்ஸ், ஒய் மோட்டார்களை மட்டும் விடுவிக்கும், உயரம் அப்படியே இருக்கும். இனி தலையையும் பெட்டையும் கையால நகர்த்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் இறுக்கிப் பெட்டைக் கீழே இறக்கிடுங்க, இல்லேன்னா நாசில் தட்டுல கோடு கிழிக்கும்.

நாலு மூலையையும் ஒரு சுத்து பார்த்துட்டு நிறுத்தாதீங்க. ஒரு மூலையை ஏத்தினா மத்த மூலைகளும் கொஞ்சம் அசையும். மூணு சுத்து வரும். மூணாவது சுத்துல எந்தச் சக்கரத்தையும் தொட வேண்டிய அவசியம் இல்லேன்னா முடிஞ்சுது.

சூடு220 | மே 7, இரவு 10:02

இவ்வளவு பாடு எதுக்கு? லெவலிங் சென்சார் ஒண்ணு மாட்டிட்டா மூலையைத் தொடவே வேண்டாம்.

பித்தளைமுனை | மே 7, இரவு 10:30

சென்சார் பெட்டோட மேடுபள்ளத்தைத்தான் அளக்கும். அளந்த புள்ளியில இருந்து நாசில் நுனி எவ்வளவு கீழே இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அந்த Z ஆஃப்செட்டை நாமதான் கண்ணால பார்த்துச் சொல்லணும். சென்சார் மாட்டியும் ஒட்டலேன்னு என்கிட்ட வந்த மெஷின்கள்ல நிறைய இதுதான். இன்னொரு வகை, அளந்து வச்ச அளவை மெஷின் பயன்படுத்தவே இல்லாதது. மார்லின் ஃபர்ம்வேர்ல பொதுவா `G28` அந்தத் திருத்தத்தை அணைச்சிடும், அதுக்குப் பிறகு `M420 S1` போடணும். அது இல்லாம சென்சார் அலங்காரமாத்தான் நிக்கும்.

உங்க 220க்கும் ஒரு வார்த்தை. அது முழுத் தப்பு இல்ல. வேகமா ஓட்டும்போது பிஎல்ஏவுக்கு 215, 220 தேவைப்படலாம். ஆனா உயரம் தப்பா இருக்கும்போது சூட்டை ஏத்தினா, இளகின பிளாஸ்டிக் கிடைச்ச சந்துல வழிஞ்சு குறையை மறைக்கும், அவ்வளவுதான். பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிக்கிறது. பெட் 70ல இருந்தா அடி லேயர்கள் மேல் எடையில பிதுங்கி யானைக்கால் மாதிரி ஆகும். ஓட்டைகளோட அளவு சுருங்கும்.

சூடு220 | மே 7, இரவு 10:44

யானைக்கால் எனக்கு வருது, ஒத்துக்கிறேன். கத்தியால சீவிடுவேன். நாளைக்கு 60 வச்சுப் பார்க்கிறேன்.

நூலிழை | மே 8, இரவு 11:20

முக்கால் மணி நேரம் ஆச்சு. மூணு சுத்து இல்ல, எனக்கு அஞ்சு சுத்து. அப்புறம் நாலு மூலையிலும் நடுவுலயும் ஒரு லேயர் கனத்துல சின்னச் சதுரம் ஒவ்வொண்ணு அடிச்சேன். முதல் தடவையா அஞ்சும் ஒட்டுச்சு!

உரிச்சுக் கையில வச்சுப் பார்த்தா அஞ்சும் அஞ்சு விதம். நடுவுல உள்ளது விரல்ல தடவினா காகிதம் மாதிரி வழவழப்பு, கோடுகள் ஒண்ணோடொண்ணு கலந்திருக்கு. வலது பின்மூலைச் சதுரத்தை ரெண்டு பக்கமும் இழுத்தா கோடு கோடாப் பிரிஞ்சு வருது, ஒவ்வொரு கோடும் உருண்டையா நூல் மாதிரி இருக்கு. இடது முன்மூலையோடது விளக்குக்கு நேராப் பிடிச்சா அந்தப் பக்கம் தெரியற அளவுக்கு மெல்லிசு, மேல விரல் வச்சா சொரசொரன்னு வரப்பு மாதிரி எழும்பியிருக்கு.

பித்தளைமுனை | மே 9, காலை 6:15

இனி பேப்பரைத் தூக்கி வச்சிடலாம், அந்தச் சதுரங்களே சொல்லும். நூலாப் பிரியற மூலையை அரைக்கால் சுத்துக்கும் குறைவா ஏத்துங்க. கண்ணாடி மாதிரி தெரியற மூலையை அதே அளவு இறக்குங்க. மறுபடி அஞ்சு சதுரம்.

நூலிழை | மே 9, இரவு 9:00

ஒரே திருத்தத்துல அஞ்சும் நடுச்சதுரம் மாதிரி வந்துடுச்சு. இப்போ ஒரு டப்பா ஓடிக்கிட்டிருக்கு, முதல் லேயர் முழுசா ஒட்டியிருக்கு.

நூலிழை | மே 11, இரவு 8:10

சந்தோஷம் மூணு பிரிண்டுக்குத்தான். நாலாவதுல இடது முன்மூலை மறுபடி மெலிசு, லேசா டக் சத்தம். உடனே நிறுத்திட்டேன். சக்கரத்துல வச்ச புள்ளியைப் பார்த்தா, முன்னாடி நேரா என்னைப் பார்த்துக்கிட்டிருந்தது இப்போ பக்கவாட்டுல இருக்கு. நான் தொடவே இல்ல. ஏறக்குறைய கால் சுத்து தானாத் திரும்பியிருக்கு.

பித்தளைமுனை | மே 11, இரவு 9:05

மார்க்கர் புள்ளி அதுக்கும் உதவுச்சு பாருங்க. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பக்கவாட்டுல குனிஞ்சு பார்த்துச் சொல்லுங்க.

நூலிழை | மே 11, இரவு 9:12

மத்த மூணும் கொஞ்சம் அமுங்கியிருக்கு. இடது முன்மூலை ஸ்பிரிங் கிட்டத்தட்ட முழு நீளத்துல நிக்குது. விரலால ஸ்பிரிங்கையே உருட்ட முடியுது.

பித்தளைமுனை | மே 11, இரவு 9:50

அப்போ ஆறு வாரக் கதைக்கும் மூலம் அதுவாத்தான் இருக்கணும். அமுக்கம் இல்லாத ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடிச்சு வைக்காது. பெட் ஓடற அதிர்வுல சக்கரம் மெல்ல மெல்லக் கழண்டு, மூலை ஏறும். கால் சுத்துன்னா 0.175, லேயர் 0.2. நாசில் வாய் மூடிடுச்சு.

நாலு சக்கரத்தையும் ஸ்பிரிங் பாதி அமுங்கற வரைக்கும் இறுக்குங்க. பெட் மொத்தமா இறங்கிடும், நாசில் ஹோம் ஆகும்போது பெட்டுக்கு ரொம்ப மேல நிக்கும். பயப்படாதீங்க. இடது பக்கத் தூண்ல இருக்கிற Z சுவிட்சை அதே அளவு கீழே இறக்கி மாட்டுங்க. அவசரப்பட்டு அதிகமா இறக்கிட்டா நாசில் பெட்ல குத்தும், அதனால கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் அன்னிக்குச் செஞ்ச லெவலிங்கை முதல்ல இருந்து.

அப்படியே இன்னொரு சோதனை: பெட்டோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. மூலை டொக் டொக்னு ஆடினா அடியில ஓடற ரப்பர் உருளைகள் லூஸ். அது ஆடற வரைக்கும் எந்த லெவலிங்கும் நிக்காது.

நூலிழை | மே 13, இரவு 10:30

உருளை ஆடல. ஸ்பிரிங் நாலும் இறுக்கி, சுவிட்சை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறக்கினேன். லெவலிங் இந்தத் தடவை இருபது நிமிஷம்தான். புள்ளி நாலும் நேரா நிக்குது. தினமும் பார்க்கிறேன்.

கண்ணாடித்தட்டு | மே 14, மதியம் 1:20

எனக்கு இதுக்கு நேர்மாறு. ஒட்டாம இல்ல, ஒட்டினது வரல! பெட்ஜி, நாசில் 240, பெட் 80, வெறும் கண்ணாடித் தட்டு. பிஎல்ஏவுக்கு வச்ச அதே உயரத்துல அடிச்சேன். முடிஞ்சதும் சூட்டோட பெயர்த்து எடுக்கப் பார்த்தேன். பொருளோட சேர்ந்து கண்ணாடியில ஒரு சில்லு, நகம் அளவுக்கு, பெயர்ந்து வந்துடுச்சு. இப்போ பசைக்குச்சி தடவித்தான் பெட்ஜி அடிக்கிறேன்.

சூடு220 | மே 14, மதியம் 2:05

பசை தடவினா இன்னும் அதிகமா இல்ல ஒட்டும்?

பித்தளைமுனை | மே 14, மாலை 6:30

பிஎல்ஏவுக்கு அது பிடிமானம். பெட்ஜிக்கு அது நடுவுல ஒரு திரை, பொருள் கண்ணாடியை விட்டுப் பசையோட கழண்டு வரும். அதோட பெட்ஜியை பிஎல்ஏ அளவுக்கு அமுக்கக் கூடாது, நாசிலை ஒரு 0.05 தூக்கி விடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி தட்டு முழுசா ஆறட்டும். ஆறும்போது சுருங்கி அதுவே விட்டுடும்.

நூலிழை மாதிரி பிஎல்ஏ மட்டும் அடிக்கிறவங்களுக்குப் பசை தேவையில்லைன்னு நான் நினைக்கிறேன். பாத்திரம் கழுவற சோப்பும் வெந்நீரும் போட்டுத் தட்டைக் கழுவினா போதும். கை ரேகையில இருக்கிற எண்ணெய்தான் எதிரி. உயரம் சரியா இருந்து, ஒரே ஒரு திட்டு மட்டும் ஒட்டலேன்னா அங்கே விரல் பட்டிருக்கும்.

சூடு220 | மே 14, இரவு 7:15

இதுல மட்டும் ஒத்துக்க மாட்டேன் அக்கா. பெரிய பொருளுக்குப் பசை இல்லாம மூலை தூக்கிக்குது. கழுவியும் பார்த்துட்டேன்.

நூலிழை | மே 19, இரவு 11:50

இந்தத் தடவை நிஜமாவே அடைச்சிடுச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், ஏன்னா இது பழைய மாதிரி இல்ல.

முதல் லேயர் அருமை. புள்ளி நாலும் நேரா. நாற்பது நிமிஷம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் சுவர் மெலிஞ்சு, ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா ஆகி, கடைசியில நாசில் வெறும் காத்துல வரைஞ்சுக்கிட்டிருக்கு. அப்போ பெட்டுக்கும் நாசிலுக்கும் நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பொருள் நின்னுது, அதனால பெட் இடிக்க வழியே இல்ல. காத்துத் தள்ளல் சோதனை: 12 மில்லிமீட்டர்லயே டக் டக். ஃபிலமென்ட்டை இழுத்தேன், கடிபட்ட பள்ளம் ஆழம் இல்ல, பல்லுல தூளும் குறைவு. ஆனா ஃபிலமென்ட்டோட நுனி ஒரு குமிழ் மாதிரி வீங்கி வெளியே வந்துச்சு. குழாய்க்குள்ள இருந்து இழுக்கவே பலம் தேவைப்பட்டுச்சு.

பித்தளைமுனை | மே 20, காலை 6:50

இதுதான் அசல் அடைப்பு, நீங்க பிரிச்சுப் பார்த்த விதமும் சரி. முதல் லேயர்ல வராம, அரை மணி, ஒரு மணி கழிச்சு வர்றது பெரும்பாலும் சூடு மேலே ஏறறதாலதான். உருகணும்னா நாசில் பக்கத்துல மட்டும் உருகணும். மேல இருக்கிற தகட்டு அடுக்கு குளிர்ச்சியா இல்லேன்னா ஃபிலமென்ட் அங்கேயே இளகி, குழாய்ச் சுவர்ல அப்பி வீங்கி நின்னுக்கும். உங்க குமிழ் அதுதான்.

ஹாட்எண்ட்ல ரெண்டு விசிறி இருக்கும். பொருள் மேல ஊதறது வேற, அதை முதல் லேயர்ல நிறுத்தி வைக்கலாம். தகட்டு அடுக்குமேல ஊதற விசிறி, நாசில் சூடா இருக்கிற வரைக்கும் நிக்கவே கூடாது. அதைக் கழட்டிப் பாருங்க.

நூலிழை | மே 20, இரவு 8:25

விசிறி சுத்துது, ஆனா மெதுவா. கழட்டினா இறக்கையோட அச்சுல நூல் நூலா பிளாஸ்டிக் இழை சுத்தியிருக்கு. பழைய பிரிண்டுகள்ல ஒட்டாம உருண்டையா இழுபட்டுச்சே, அந்தக் காலத்து இழைகள்தான், அதே வெள்ளை. சாமணத்தால ஒவ்வொண்ணா எடுத்தேன். இப்போ சத்தமே மாறிடுச்சு.

பித்தளைமுனை | மே 20, இரவு 9:00

உள்ளே மிச்சம் இருக்கிறதை ஊசியால குத்தாதீங்க, ஊசி கசடை மேலே தள்ளும், அது மறுபடி இறங்கி வரும். ஆறவச்சு இழுங்க. 200க்குச் சூடாக்கி ஃபிலமென்ட்டைக் கையால தள்ளி நாசில்ல நிரப்புங்க. 90க்கு ஆற விடுங்க. 90 ஆனதும் ஒரே சீரா, விடாம இழுங்க. நாசில் உள்வடிவம் அச்சு எடுத்த மாதிரி வரணும்.

நூலிழை | மே 20, இரவு 10:15

முதல் தடவை அறுந்துடுச்சு, கொஞ்சம் முன்னாடியே இழுத்துட்டேன். ரெண்டாவது தடவை பட்டுனு வந்துச்சு. நுனியில பென்சில் சீவினது மாதிரி கூம்பு, அதோட முனையில முடி கனத்துக்கு ஒரு காம்பு. கூம்போட பக்கத்துல ரெண்டு கரும்புள்ளி. மூணாவது தடவை புள்ளி எதுவும் இல்ல, சுத்தமான வெள்ளை. அளந்து பார்த்தேன், 100க்கு 100 போகுது.

கண்ணாடித்தட்டு | மே 21, காலை 10:10

ரிட்ராக்ஷன் எவ்வளவு வச்சிருக்கீங்க? எனக்கு அதுலதான் அடைச்சுது. 7 வச்சிருந்தேன், உருகினதைத் திரும்பத் திரும்ப மேலே இழுத்து அங்கே ஒட்ட வச்சது.

நூலிழை | மே 21, மதியம் 12:40

6.5 இருக்கு. குழாய் நீளமான வகைதான். இப்போ 5 ஆக்கியிருக்கேன். ஆனா விசிறியையும் அதே நாள்ல சரி பண்ணிட்டேன், இனி எது காரணம்னு எப்படித் தெரியும்?

பித்தளைமுனை | மே 21, மாலை 7:05

தெரியாது. ரெண்டையும் ஒண்ணா மாத்தியாச்சு. விசிறி பெரிய காரணம்னு என் எண்ணம், ஆனா ரிட்ராக்ஷனை விலக்கிச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. வேணும்னா ஒரு நீளமான பிரிண்டை 6.5லயே ஓட்டிப் பாருங்க.

ரெசின்ராஜா | மே 22, இரவு 9:30

முழுசும் படிச்சேன். ஃபிலமென்ட் மெஷின் நேத்து வந்துடுச்சு. டக் சத்தம் வந்ததும் நாசில்ல கை வைக்கல, முதல்ல எந்த மூலைன்னு பார்த்தேன். வலது பின்மூலை. சக்கரத்துல புள்ளியும் வச்சாச்சு.

சூடு220 | மே 23, மாலை 5:50

பெட் 60, நாசில் 205ல ஒரு வாரம் ஓட்டினேன். யானைக்கால் போயிடுச்சு. ஆனா நீளப் பொருள்ல மூலை தூக்கறது கூடியிருக்கு, பசை இல்லாம முடியல.

நூலிழை | மே 26, இரவு 10:40

6.5 ரிட்ராக்ஷன்ல மூணு மணி நேர பிரிண்ட் ஒண்ணு அடைக்காம முடிஞ்சுது. ஒண்ணுதான், இன்னும் ரெண்டு ஓட்டணும். புள்ளி நாலும் அசையல.

ஆனா 18 சென்டிமீட்டர் நீளப் பொருள்ல எனக்கும் வலது பின்மூலை நகம் நுழையற அளவு தூக்கிக்கிச்சு. தட்டு அன்னிக்குக் காலையிலதான் சோப்புப் போட்டுக் கழுவினேன், முதல் லேயரும் அந்த மூலையில வழவழன்னு இருந்தது. அதனால உயரமும் இல்ல, எண்ணெயும் இல்ல. பெட் பக்கத்துல ஜன்னல் திறந்திருந்தது. நாளைக்கு ஜன்னலைச் சாத்திட்டு, பசை இல்லாம, 5 மில்லிமீட்டர் பிரிம் மட்டும் போட்டு அதே பொருளை அடிக்கிறேன். அப்பவும் தூக்கினா, அதுக்கடுத்த நாள் பிரிம் இல்லாம பசையோட. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்துவேன், ஜன்னல் ரெண்டு நாளும் சாத்தியே இருக்கும்.

பித்தளைமுனை | மே 27, காலை 6:30

அப்படின்னா ஜன்னலை மட்டும் சாத்திட்டு, பிரிமும் இல்லாம முதல் நாள் ஓட்டுங்க. இல்லேன்னா ஒரே நாள்ல ரெண்டு மாத்தம் ஆயிடும்.

நூலிழை | மே 27, காலை 7:02

ஆமா, சரி. முதல்ல ஜன்னல் மட்டும்.